மூன்று திட்டங்கள், ஒரு படம், ஏழெட்டுச் சொற்கள்

வீட்டில் ஆர்ஓ வாட்டர் பியூரிஃபையர் வாங்கியவர்களுக்கு ஓராண்டு முடிந்ததும் போனில் ஒரு படம் வந்து சேரும். வாரண்டி முடிந்துவிட்டது, ஆண்டுப் பராமரிப்புக்கு இந்த மூன்று திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்கும். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பச்சை டிக் குறிகள், அடியில் எறும்பு எழுத்தில் நிபந்தனைகள். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாது. கடைசியில் போன் செய்துதான் கேட்க வேண்டும்.

இப்படி ஒரு படத்தைச் சில ஐகான்களும் மிகச் சில சொற்களுமாகச் செய்துவிட முடியும். சொற்களைக் குறைப்பது அதில் எளிய வேலை. எந்தத் தகவலைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தீர்மானிப்பதுதான் கடினம். ஒரு கற்பனைக் கடையின் மூன்று திட்டங்களை எடுத்துக்கொண்டு, படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

முதல் திட்டம் ஆண்டுக்கு ₹1,500. டெக்னீஷியன் 3 முறை வந்து மெஷினைச் சுத்தம் செய்து பார்ப்பார்; மாற்றும் பொருளுக்கெல்லாம் தனிக் காசு. இரண்டாவது ₹3,000. அதே 3 வருகை, கூடவே செடிமென்ட் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் ஒருமுறை மாற்றித் தரப்படும். மூன்றாவது ₹5,500. 4 வருகை, ஃபில்டர்கள், அவற்றோடு மெம்பரேன் ஒன்று, பம்ப், அடாப்டர் போன்ற மின்பாகங்கள்.

இதைப் படமாக்க உட்காரும்போது முதலில் செய்ய வேண்டியது அடித்தல். “பயிற்சி பெற்ற டெக்னீஷியன்”, “விரைவான சேவை”, “தரப் பரிசோதனை” ஆகியவை மூன்று திட்டங்களிலும் இருக்கின்றன. மூன்றிலும் இருப்பது தேர்வுக்கு உதவாது. அவற்றை நீக்கினால் பன்னிரண்டு வரிகள் நான்காகச் சுருங்கும்: வருகை, ஃபில்டர், மெம்பரேன், மின்பாகம். டிக் குறிகளின் கூட்டம் தரும் ‘நிறையக் கிடைக்கிறது’ என்ற பிரமையை இழக்கக் கடைக்காரருக்கு மனம் வராதுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்தான் உண்மையான வேறுபாடு ஒளிந்துகொள்கிறது.

இனி ஐகான்கள். வருகைக்கு ஒரு ஸ்பேனர்; யாருக்கும் புரியும். மின்பாகத்துக்கு ஒரு பிளக். ஃபில்டரில்தான் சிக்கல் வருகிறது. ஃபில்டரும் உருளை, மெம்பரேனும் உருளை. உள்ளது உள்ளபடி வரைந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மெம்பரேன் என்பது சுருட்டி வைத்த தாள். அதன் முனையில் சுருள் சுருளாக அடுக்கு தெரியும். அந்தச் சுருளை மட்டும் வரையலாம். வித்தியாசம் தெரியும், ஆனால் மெம்பரேனைப் பார்த்தே இராதவருக்கு அது கோலம்போலத்தான் இருக்கும். எனவே ஐகானை மட்டும் நம்பக் கூடாது, பக்கத்தில் ஒரு சொல் வேண்டும். ‘மெம்பரேன்’ என்ற சொல் டெக்னீஷியன் வாயிலிருந்து பலமுறை காதில் விழுந்த சொல். ‘சவ்வு’ என்று எழுதினால் யோசிக்க வைக்கும்.

சின்னத்தை வைத்து மக்களோடு பேசுவது நமக்குப் பழகியதுதான். 1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான வாக்காளர்களுக்காகப் பெட்டிகளில் சின்னம் ஒட்டினார்கள். காங்கிரசுக்கு நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளை, ஜனசங்கத்துக்கு விளக்கு. ஆனால் அங்கே வாக்காளர் செய்ய வேண்டியது, ஏற்கெனவே கேள்விப்பட்ட சின்னத்தை அடையாளம் காண்பது மட்டுமே. காளை எதைக் குறிக்கிறது என்று அவர் ஊகிக்கத் தேவையில்லை. திட்ட ஒப்பீட்டு ஐகானிலோ, முதல்முறை பார்க்கிறவர் பொருளையே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஐகானோடு ஒரு சொல்லும் தேவைப்படுகிறது.

அடுத்த கேள்வி, எண்ணிக்கையை எப்படிக் காட்டுவது. மூன்று வருகைக்குச் சின்ன ஸ்பேனர், நான்குக்குப் பெரிய ஸ்பேனர் என்று வரைவது வழக்கமான தவறு. ஒரு உருவத்தின் உயரத்தை இரு மடங்காக்கினால் அகலமும் இரட்டிப்பாகும், பரப்பு நான்கு மடங்காகும். கண் எதை அளப்பது? இதற்கு நூறாண்டுக்கு முன்பே ஒருவர் விடை சொன்னார். வியன்னாவில் 1925ல் சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஓட்டோ நாய்ராத், பொதுமக்களுக்குப் புள்ளிவிவரங்களைப் படமாகக் காட்ட ஒரு முறையை வகுத்தார். பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்ற அந்த முறையில் உருவங்களை வரைந்தவர் கெர்ட் ஆர்ண்ட்ஸ். அதன் அடிப்படை விதி: எண்ணிக்கை கூடினால் உருவம் பெரிதாகக் கூடாது, அதே அளவு உருவம் மறுபடி மறுபடி வர வேண்டும். நம் படத்திலும் அதுவே. முதல் இரண்டு திட்டங்களில் மூன்று மூன்று ஸ்பேனர், மூன்றாவதில் நான்கு. எண்ணிப் பார்த்தால் போதும்.

இருப்பதைக் காட்டிவிட்டோம். இல்லாததைக் காட்டுவது இன்னும் முக்கியம். முதல் திட்டத்தில் ஃபில்டர் இல்லை என்பதற்காக அந்த இடத்தை வெறுமையாக விட்டால், பார்ப்பவர் அங்கே ஏதோ விடுபட்டது என்றே உணர மாட்டார். சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் ‘இந்தத் திட்டம் மோசம்’ என்று மிரட்டுவதாகிவிடும். பச்சை இருந்தால் உண்டு, சிவப்பு இருந்தால் இல்லை என்று நிறத்தை மட்டும் நம்பினால், சிவப்பு-பச்சை பிரித்தறிய இயலாதவர்களுக்கு இரண்டும் ஒன்றே. சரியான வழி, இருப்பதை நிறம் நிரப்பிய ஐகானாகவும் இல்லாததை அதே ஐகானின் வெறும் கோட்டுருவமாகவும் அதே வரிசையில் காட்டுவது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் வேறுபாடு அழியாது. “நிரம்பியது கட்டணத்தில் அடக்கம், காலியானதற்குத் தனிக் காசு” என்று மேலே ஒரு வரி போட்டால் குழப்பம் தீர்ந்தது.

இவற்றை அடுக்கும் விதம் போனைப் பொறுத்தது. படத்தை 1080 பிக்சல் அகலத்தில் செய்கிறோம் என்று கொள்வோம். சாதாரண போன் திரை சுமார் 7 சென்டிமீட்டர் அகலம். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 154 பிக்சல். கணினியில் பளிச்சென்று தெரியும் 20 பிக்சல் எழுத்து போனில் 1.3 மில்லிமீட்டராகிவிடும். தமிழில் புள்ளியும் விலங்கும் சுழியும் அந்த உயரத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். ‘ன’வும் ‘ன்’னும் கலந்துவிடும். எனவே 40 பிக்சலுக்குக் கீழே எந்த எழுத்தும் போகக் கூடாது. அந்த அளவில் ‘மெம்பரேன்’ போன்ற சொற்களை மூன்று கட்டங்களிலும் திரும்ப எழுத இடமே இருக்காது. ஆகவே சொல்லை இடது ஓரத்தில் ஒரே ஒருமுறை எழுதிவிட்டு, வலப்பக்கம் மூன்று நெடுவரிசைகளில் ஐகானை மட்டும் வைக்க வேண்டும். நான்கு வரிக்கு நான்கு சொல். திட்டங்களின் தலைப்பில் சில்வர், கோல்டுக்குப் பதில் ‘சர்வீஸ்’, ‘சர்வீஸ் + ஃபில்டர்’, ‘எல்லாம்’ என்று போட்டால் தலைப்பே பாதி வேலையை முடித்துவிடும்.

விலையில் மூன்றுக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்: ஆண்டுக்கு இவ்வளவு, ஜிஎஸ்டி உட்பட. ஒன்றுக்கு மாதக் கணக்கு, மற்றொன்றுக்கு ஆண்டுக் கணக்கு என்றால் ஒப்பீடே இல்லை. நடுத் திட்டத்தின் மேல் ‘அதிகம் பேர் வாங்குவது’ என்று பட்டி ஒட்டுவதும் வேண்டாம். விலையிலும் வசதியிலும் இரு முனைகளையும் தவிர்த்து நடுவில் இருப்பதை எடுக்கும் இயல்பு மனிதர்களுக்கு உண்டு. இதை இதாமார் சைமன்சன் 1989ல் ஆய்வில் காட்டியிருக்கிறார். நடுத் திட்டத்துக்கு ஏற்கெனவே சாய்வு இருக்கும்போது, பட்டி அதை மேலும் தள்ளிவிடும்.

இப்போது வாடிக்கையாளருக்கு உண்மையில் தேவைப்படும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மெம்பரேனைத் தனியாக மாற்ற ₹2,800 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, மூன்றாவது திட்டங்களுக்கு இடையே விலை வித்தியாசம் ₹2,500. மெம்பரேன் இரண்டு ஆண்டு உழைக்கும் வீட்டில், இரு ஆண்டும் மூன்றாவது திட்டம் எடுத்தால் ₹11,000. இரு ஆண்டும் இரண்டாவதை எடுத்து மெம்பரேனைத் தனியாக வாங்கினால் ₹8,800. முதலாண்டு இரண்டாவது, மெம்பரேன் மாற்ற வேண்டிய ஆண்டில் மூன்றாவது என்று எடுத்தால் ₹8,500. ஆனால் உப்பு மிகுந்த போர் தண்ணீரால் ஆண்டுதோறும் மெம்பரேன் போகும் வீட்டில் கணக்கு மாறுகிறது: இரண்டாவது திட்டத்தோடு இரண்டு மெம்பரேன் சேர்ந்து ₹11,600, மூன்றாவது ₹11,000 மட்டுமே. சரியான திட்டம் எது என்பது தண்ணீரையும் மெம்பரேனின் வயதையும் பொறுத்தது. எந்த ஐகானாலும் இதைச் சொல்ல முடியாது. ஆகவே படத்தின் அடியில் ஒரு கேள்வி வேண்டும்: “மெம்பரேன் மாற்றி எவ்வளவு நாளாயிற்று?” சொற்சிக்கனத்தில் இந்த ஒரு வரியை வெட்டினால் படம் அழகாக இருக்கும், பயன்படாது.

நிபந்தனைகளும் அப்படியே. ‘மெம்பரேன் ஆண்டுக்கு ஒன்று மட்டும்’ என்பது வரம்பு. அதை ஐகானுக்குப் பக்கத்திலேயே ‘1’ என்று எழுத வேண்டும். 2022ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன. விளம்பரத்தில் சொன்னதற்கு நிபந்தனை இருந்தால் அது அதே மொழியில், அதே எழுத்துருவில், தெளிவாகத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். வாங்குவதைத் தீர்மானிக்கும் முக்கியத் தகவலை மறைக்கக் கூடாது. தமிழில் திட்டம், ஆங்கிலத்தில் நிபந்தனை என்பது இதன்படி சரியல்ல.

படம் முடிந்ததும் அனுப்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். “புரிகிறதா?” என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றே சொல்வார்கள். கேள்வி வேறாக இருக்க வேண்டும். போனில் படத்தைக் காட்டி, “முதல் திட்டத்தில் இருக்கிறீர்கள், கார்பன் ஃபில்டர் மாற்ற வேண்டியிருக்கிறது. காசு தர வேண்டுமா?” என்று கேளுங்கள். “இரண்டாவது திட்டத்தில் பம்ப் பழுதானால்?” என்று கேளுங்கள். அமெரிக்காவில் பாதுகாப்புச் சின்னங்களுக்கான தரநிலை ஒன்று, சோதிக்கப்பட்டவர்களில் 100க்கு 85 பேராவது சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. நேர்மாறாகப் புரிந்துகொண்டவர்கள் 5 பேரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. தெருக்கடைக்கு நூறு பேர் வேண்டியதில்லை, பத்துப் பேர் போதும். ஆனால் அந்த இரண்டாவது எண்ணில் ஒரு பாடம் இருக்கிறது. புரியாதவர் போன் செய்து கேட்பார். தவறாகப் புரிந்துகொண்டவர் பணம் கட்டிவிட்டு, பம்ப் பழுதான அன்று டெக்னீஷியனோடு சண்டை போடுவார். பத்தில் ஒருவர் “பம்புக்குக் காசில்லை” என்று சொன்னாலும், பிளக் ஐகானை மாற்ற வேண்டும் அல்லது பக்கத்தில் ‘பம்ப்’ என்று எழுத வேண்டும்.

நல்ல ஒப்பீட்டுப் படத்தைப் பார்த்துப் புது மெஷின்காரர் மலிவான திட்டத்தையும் போர் தண்ணீர்க்காரர் விலை கூடிய திட்டத்தையும் எடுப்பார்கள். எல்லோரும் ஒரே கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் படம் அவர்களுக்கு எதையும் விளக்கவில்லை, தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள்.