சமவாய்ப்புப் புள்ளிகளால் பரப்பை அளப்பது

e^(-x²) என்ற சார்பின் வளைகோட்டுக்குக் கீழே, x = 0 முதல் 1 வரை உள்ள பரப்புதான் அதன் வரையறுத்த தொகையீடு. இந்தச் சார்புக்குப் பாடப்புத்தகச் சூத்திரம் எதுவும் கைகொடுக்காது. எண்களைக் கொண்டுதான் விடையை நெருங்க வேண்டும். அதற்கான ஒரு வழி, 0-க்கும் 1-க்கும் இடையில் கணினி சமவாய்ப்பாகத் தரும் எண்களில் சார்பின் மதிப்பைக் கண்டு, அவற்றின் சராசரியை எடுப்பது. சராசரி உயரத்தை இடைவெளியின் அகலத்தால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். இங்கே அகலம் 1 என்பதால் சராசரியே விடை. 1940-களில் லாஸ் அலமாஸில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நியூமனும் வளர்த்தெடுத்த இம்முறைக்கு மாண்டி கார்லோ என்று பெயர்.

உண்மையான விடை 0.7468. ஒரே புள்ளியில் கிடைக்கும் மதிப்பு இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கும் என்பதைத் திட்ட விலக்கம் சொல்கிறது. இந்தச் சார்புக்கு அது ஏறக்குறைய 0.2. பல புள்ளிகளைக் கூட்டும்போது சில விலகல்கள் மேலேயும் சில கீழேயும் இருப்பதால் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்கின்றன. N புள்ளிகளின் கூட்டுத்தொகையில் விலகல் N மடங்காகப் பெருகுவதில்லை, √N மடங்காகவே பெருகுகிறது. சராசரிக்காக அதை N-ஆல் வகுத்தால், எதிர்பார்க்கக்கூடிய பிழை 0.2/√N ஆகிறது. 100 புள்ளிகளுக்கு அது 0.02, 10,000 புள்ளிகளுக்கு 0.002. ஒரு தசம இடம் கூடுதலாகத் துல்லியம் பெற நூறு மடங்கு உழைப்பு தேவை. இது சராசரி நிலவரம்தான். ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை பிழை இந்த அளவைத் தாண்டும்.

இந்த வேகம் மந்தமானது என்பதில் ஐயமில்லை. இதே பரப்பைச் சரிவக விதிப்படி, சம இடைவெளியில் 11 புள்ளிகளை வைத்துக் கணித்தால் பிழை 0.0006 மட்டுமே. சமவாய்ப்பு முறையில் அந்தத் துல்லியத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். ஆனால் சார்பில் பத்து மாறிகள் இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. ஒவ்வொரு திசையிலும் 11 புள்ளிகள் என்றால் மொத்தம் 11¹⁰, அதாவது சுமார் 2,593 கோடி. சமவாய்ப்பு முறையிலோ பிழை அப்போதும் √N-ஆல்தான் வகுபடுகிறது. மாறிகளின் எண்ணிக்கை அந்த வகுத்தலில் இடம்பெறுவதே இல்லை.

திட்ட விலக்கம் முடிவுள்ள எண்ணாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். 1/√x என்ற சார்பின் பரப்பு 0 முதல் 1 வரை 2. ஆனால் அதன் வர்க்கமான 1/x-இன் பரப்புக்கு முடிவே இல்லை. பூச்சியத்துக்கு மிக அருகே விழும் ஒரு புள்ளி சராசரியையே தூக்கிவிடும். மாதிரிகளிலிருந்து கணிக்கும் திட்ட விலக்கம் ஒரு மதிப்பில் நிலைகொள்ளாமல், புள்ளிகள் கூடக்கூட அவ்வப்போது துள்ளி ஏறினால் இந்தக் கோளாறைச் சந்தேகிக்கலாம். x = t² என்று மாறியை மாற்றினால் இது தீர்ந்துவிடும்: தொகையிட வேண்டிய சார்பு 2 என்ற மாறிலியாகிறது, எந்தப் புள்ளியை எடுத்தாலும் பிழை பூச்சியம்.