காப்பீட்டைப் புதுப்பிக்குமுன்

தோழியரே, நம் நாட்டில் வாகனக் காப்பீட்டுக் கட்டணம் இரு பகுதிகளைக் கொண்டது. பிறருக்கு நேரும் தீங்குக்கான பகுதியை அரசே நிர்ணயிக்கிறது. ஆகவே, நம் வண்டியின் சேதத்திற்கான பகுதியையே நிறுவனங்களிடையே ஒப்பிட வேண்டும். வண்டிக்குக் குறித்த மதிப்பும் சமமாயிருத்தல் அவசியம்.

'நோ கிளெய்ம் போனஸ்' என்னும் தள்ளுபடி இப்பகுதிக்கு மட்டுமே உண்டு. இழப்பீடு கோராத முதலாண்டுக்கு 20 சதவீதம், ஐந்தாண்டானால் 50. ஒரு காரின் சேதப் பகுதி 8,000 ரூபாய் என்போம். ஐந்தாண்டு கோராதவருக்கு 4,000 ரூபாய் மிச்சம். அவர் கதவுக் கீறலுக்காக 2,500 ரூபாய் கோரினால், அடுத்த புதுப்பித்தலில் அந்த 4,000 போய்விடும்! தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் காப்பும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம்.

காப்பீடு முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிடில் தள்ளுபடி முழுதும் அற்றுப்போகும். அதற்கிடையிலும் காப்பீடின்றிச் சாலையில் ஓட்டுவது குற்றமே.