பெற்றோர் கைக்கு ஒரு பக்கம்

ஆறாம் வகுப்பில் பின்னங்கள் பாடம் தொடங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரின் பாடத்திட்டத்தில் கற்றல் விளைவுகள், துணைக்கருவிகள், செயல்பாடுகள், மதிப்பீடு என்று பல பக்கங்கள் இருக்கும். அதைப் பெற்றோருக்காக ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னால், தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதிவிடுவது வழக்கம். ‘ஓரினப் பின்னங்கள், வேற்றினப் பின்னங்கள், சமான பின்னங்கள்’ என்று படிக்கிற ஓர் அம்மாவுக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எப்படித் தெரியும்?

பிள்ளை செய்து காட்ட வேண்டியதை எழுதினால் தெரியும். “முதல் வாரம்: 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால் உங்கள் பிள்ளை படம் வரைந்து காரணம் சொல்ல வேண்டும்.” இதை அந்த அம்மா இரவு தோசை சுடும்போதே கேட்டுப் பார்க்கலாம். ஒரு தோசையை மூன்று பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு அதிகம் கிடைக்குமா, நாலு பேருக்குப் பிரித்தாலா? மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் 1/4 தான் பெரிது என்று பிள்ளை சொன்னால், தொகுதியையும் பகுதியையும் தனித்தனி எண்களாகப் பார்க்கிறது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து ஓர் அளவைக் காட்டுகின்றன என்பது இன்னும் பிடிபடவில்லை.

மூன்றாம் வாரம் கூட்டல் வரும்போது இதே குழப்பம் 1/2 + 1/3 = 2/5 என்று வெளியே வரும். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டிய விடை அது. இந்தத் தவறான விடையைப் பக்கத்தில் அப்படியே அச்சிட்டு, கூடவே ஒரு கேள்வியும் கொடுக்க வேண்டும்: “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். விடை அரையைவிடக் குறையுமா?” 2/5 அரையைவிடச் சிறியது. இதைக் கவனித்த பிள்ளை தன் தவறைத் தானே பிடித்துவிடும். ஒவ்வொன்றையும் ஆறு பங்காக்கினால் 3/6, 2/6. கூட்டினால் 5/6 என்பது அதற்குப் பிறகு எளிதாகப் புரியும்.

என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்திலேயே முக்கியமான வரி ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்பதுதான். பிள்ளை திணறுவதைப் பார்த்ததும் அப்பாவோ அண்ணனோ குறுக்குப் பெருக்கலைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் சமான பின்னம் புரிவதற்கு முன்பே அந்தக் குறுக்குவழி வந்துவிட்டால், விடை சரியாக இருக்கும். புரிந்து போட்டதா, மனப்பாடமா என்று நோட்டைத் திருத்தும் ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. “இரண்டாம் வாரம் முடியும்வரை குறுக்குப் பெருக்கல் வேண்டாம், அதுவரை படம் வரையட்டும்” என்று காரணத்தோடு எழுதினால் பெற்றோர் கேட்பார்கள்.

துணைக்கருவிப் பட்டியலும் கற்றல் விளைவுகளின் எண்களும் இந்தப் பக்கத்துக்குத் தேவையில்லை. தேர்வு நாள் ஒரு வரி போதும். படிக்கத் தெரியாத பெற்றோர் இருப்பார்கள். அவர்களுக்காகப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு காகிதத்தை மடித்துக் காட்டியபடியே இதை வாசித்துவிடலாம்.