ஐந்நூறு கூப்பன்களின் கணக்கு

நூலகக் கூரையைப் பழுதுபார்க்க ரூ.30,000 தேவை; அதற்காக உணவுத் திருவிழா நடத்த ஊர் வாசகர் வட்டம் ஒன்று கூடுவதாக வைத்துக்கொள்வோம். கூட்டக் குறிப்பேட்டில் முதலில் ஏற வேண்டியது செலவு. பந்தல் ரூ.12,000, ஒலிபெருக்கி ரூ.3,000. யார் வந்தாலும் வராவிட்டாலும் இந்த ரூ.15,000 போய்விடும். சாப்பாட்டுச் செலவு ஆளுக்கு ரூ.60. கூப்பன் விலை ரூ.150 என்றால் ஒன்றுக்கு ரூ.90 மிஞ்சும். 167 கூப்பன் விற்றால்தான் கைநஷ்டம் தீரும். 500 விற்றால் கூரைக்குப் பணம் சேரும்.

அடுத்து பொறுப்பு. 'எல்லோரும் விற்போம்' என்று எழுதினால் யாரும் விற்கமாட்டார்கள். பத்துப் பேர், ஆளுக்கு ஐம்பது, 1 முதல் 50 வரை இன்னாருக்கு என்று எண்ணோடு எழுத வேண்டும். கூப்பன் கொடுப்பவரும் பணம் வாங்கி வைப்பவரும் வேறுவேறு ஆட்களாக இருக்க வேண்டும். விற்காத கூப்பன் திரும்பி வந்தால்தான் கணக்கு நேராகும்.

கடைசியாகத் தேதி. விழா நாளைவிட முக்கியமானது அதற்குப் பத்து நாள் முந்தைய நாள். அன்று கைக்கு வந்த பணத்தை மட்டும் எண்ணி, அதற்கேற்பச் சமையலுக்குச் சொல்ல வேண்டும். 'தருகிறேன்' என்ற வாக்கு வரவாகாது.