காற்றின் எடையிலிருந்து மலையின் உயரம்

சேலத்தில் பேருந்து ஏறும்போது வாங்கிய சிப்ஸ் பாக்கெட், ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். உள்ளே அடைபட்டிருப்பது சேலத்து அழுத்தத்தில் இருந்த வாயு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்ததில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது, உள்ளே இருப்பது தள்ளுகிறது. பாக்கெட்டை அழுத்திப் பார்த்தே ஏறக்குறைய எவ்வளவு உயரம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம் போலிருக்கும்.

உண்மையிலேயே சொல்லலாம். பாக்கெட்டுக்குப் பதில் ஒரு காற்றழுத்தமானி வேண்டும், அவ்வளவுதான். இப்போது பல கைப்பேசிகளுக்குள்ளேயே அது இருக்கிறது. ஆனால் கருவி அளப்பது அழுத்தத்தை, நமக்கு வேண்டியது உயரம். உயரத்தைக் கொடுத்தால் அழுத்தத்தைச் சொல்வது ஒரு சார்பு. அழுத்தத்தைக் கொடுத்தால் உயரத்தைச் சொல்வது அதன் நேர்மாறு. எல்லாச் சார்புக்கும் நேர்மாறு கிடைத்துவிடாது. இதற்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

முதலில் கிடைக்காத ஒன்றைப் பார்ப்போம். மேலே போகப் போகக் குளிரும் என்பது ஏற்காடு போகிற எல்லோருக்கும் தெரியும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறைகிறது. அப்படியானால் வெப்பமானியை வைத்தே உயரத்தைக் கண்டுபிடிக்கலாமே? பனிக்காலத்தில் மேகமில்லாத ஒரு விடியற்காலையில் முயன்றால் ஏமாந்துபோவோம். இரவு முழுக்கத் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். அதற்கு மேலே கொஞ்ச உயரம் வரை வெப்பநிலை ஏறும், பிறகுதான் இறங்கத் தொடங்கும். வரைபடமாக வரைந்தால் ஒரு மேடு தெரியும். அந்த மேட்டுக்குக் குறுக்கே 18 டிகிரி என்று ஒரு கிடைக்கோடு போட்டால், அது ஏறுமுகத்தில் ஒரு முறையும் இறங்குமுகத்தில் ஒரு முறையும் வெட்டும். ஒரே வெப்பநிலைக்கு இரண்டு உயரங்கள். எதைச் சொல்வது?

அழுத்தத்தில் இந்தச் சிக்கல் ஒருபோதும் வராது. அதற்குக் காரணம் மலையிலோ பருவத்திலோ இல்லை, அழுத்தம் என்றால் என்ன என்பதிலேயே இருக்கிறது. ஓர் இடத்தில் இருக்கும் காற்றழுத்தம் என்பது, அந்த இடத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டர் பரப்பில் நிற்கும் காற்றுத் தூணின் எடை. ஒரு மீட்டர் மேலே ஏறினால் அந்த ஒரு மீட்டர் காற்று நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது, அதன் எடை கணக்கிலிருந்து கழிகிறது. இதை வகைக்கெழுவாக எழுதினால்:

dp/dh = −ρg

p அழுத்தம், h உயரம், ρ காற்றின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம். அடர்த்தியும் புவியீர்ப்பும் மிகை எண்கள். அடர்த்தி எவ்வளவு என்று தெரியவேண்டியதில்லை, அது உயரத்தோடு எப்படி மாறுகிறது என்றும் தெரியவேண்டியதில்லை. காற்று என்று ஒன்று இருந்தால் அதற்கு எடை உண்டு. ஆக வகைக்கெழு எல்லா உயரத்திலும் குறை எண்தான். p-க்கு ஒரு சூத்திரம்கூட எழுதாமல், குறியை மட்டும் பார்த்தே இந்தச் சார்பு திட்டமாக இறங்கும் சார்பு என்று முடிவு செய்துவிட்டோம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குறியிலிருந்து நேர்மாறுக்குப் போகும் படியைப் பன்னிரண்டாம் வகுப்பில் சராசரி மதிப்புத் தேற்றத்தால் நிறுவுவார்கள். இரண்டு வெவ்வேறு உயரங்களில் ஒரே அழுத்தம் இருந்தால், நடுவில் எங்காவது ஓர் உயரத்தில் சாய்வு சுழியாக இருந்தே தீரவேண்டும். நம் சார்பில் சாய்வு எங்கும் சுழி இல்லை. எனவே இரண்டு உயரங்களுக்கு ஒரே அழுத்தம் இருக்க முடியாது. மலையில் நின்று இதையே இன்னும் எளிதாகச் சொல்லலாம்: பத்தாவது வளைவிலும் பதினைந்தாவது வளைவிலும் அழுத்தம் ஒன்றே என்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட காற்றுக்கு எடையே இல்லை என்று ஆகிவிடும்.

ஒரு நிபந்தனையை மறக்கக்கூடாது. உயரங்கள் இடைவெளியில்லாமல் தொடர்ந்து வரவேண்டும். tan x என்ற சார்பின் வகைக்கெழு அது வரையறுக்கப்பட்ட இடமெல்லாம் மிகை எண்தான், ஆனாலும் ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்ப எடுக்கிறது. 90 டிகிரியில் அறுந்து மறுபடி கீழிருந்து தொடங்குவதால் அப்படி. அறுபடாத ஒரு துண்டுக்குள் மட்டுமே குறி நமக்கு உத்தரவாதம் தரும். வெப்பநிலைக்கும் அதே வைத்தியம்தான்: மேட்டின் உச்சிக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் சார்பகமாக வைத்துக்கொண்டால், அங்கே அதற்கும் நேர்மாறு உண்டு.

இனி எண்களுக்கு வருவோம். விமானங்களின் உயரமானிகள் பின்பற்றும் திட்ட வளிமண்டலக் கணக்கின்படி, சேலத்தின் 280 மீட்டரில் அழுத்தம் 980 ஹெக்டோபாஸ்கல். அடுத்து 600 மீட்டரில் 943, 900-ல் 910, 1200-ல் 877, ஏற்காட்டின் சுமார் 1500 மீட்டரில் 846. இந்த ஐந்து புள்ளிகளையும் கட்டம் போட்ட தாளில் குறித்து, கையால் ஒரு வளைகோடு இழுங்கள். கிடை அச்சில் உயரம், நிலை அச்சில் அழுத்தம். கோடு இடமிருந்து வலமாக இறங்கும். போகப் போக இறக்கம் கொஞ்சம் தளரும், ஏனென்றால் மேலே காற்று நைந்துபோகிறது, கழிபடும் எடை குறைகிறது.

இதன் நேர்மாறை வரையப் புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு எண்களையும் இடம் மாற்றினால் போதும்: (1500, 846) என்பது (846, 1500) ஆகிவிடும். படமாகப் பார்த்தால், கீழ் இடது மூலையையும் மேல் வலது மூலையையும் இணைக்கும் சாய்கோட்டில் கண்ணாடி வைத்ததுபோல. எண்ணெய்த் தாளில் வரைந்திருந்தால் அந்த இரு மூலைகளையும் விரல்களால் பிடித்துக்கொண்டு தாளைப் புரட்டி, பின்பக்கம் வழியாக ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கிடை அச்சு நிலை அச்சாகியிருக்கும்.

இங்கே பலர் தாளைப் புரட்டாமல் கால் வட்டம் சுழற்றிவிடுகிறார்கள். அந்தத் தவறு படத்திலேயே தெரிந்துவிடும். கால் வட்டம் சுழற்றினால் இறங்கும் கோடு ஏறும் கோடாகிவிடும். சரியான நேர்மாறின் சாய்வு, பழைய சாய்வின் தலைகீழ்: −0.1 என்றால் −10. தலைகீழாக்கினால் அளவு மாறும், குறி மாறாது. எனவே இறங்கும் சார்பின் நேர்மாறும் இறங்கியே ஆகவேண்டும். அழுத்தம் கூடினால் உயரம் குறைவு என்பதைத்தான் அது சொல்கிறது.

புரட்டிய படத்தை ஒருமுறை பயன்படுத்திப் பார்ப்போம். பேருந்து போய்க்கொண்டிருக்கும்போது கைப்பேசி 860 என்று காட்டுகிறது. அது 877-க்கும் 846-க்கும் நடுவில் விழுகிறது. மொத்தம் 31 இறங்க 300 மீட்டர் ஆகிறது என்றால், 877-லிருந்து 17 இறங்க ஏறத்தாழ 165 மீட்டர். ஆக 1365 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். முழுச் சூத்திரத்தைப் போட்டால் 1362 வருகிறது. கையால் வரைந்த கோட்டுக்கு இது போதும், கடைசி வளைவுகளை நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது.

நேர்மாறின் சாய்வு இன்னொன்றையும் சொல்கிறது. அந்த உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 9.5 மீட்டர், சேலத்தில் 8.5 மீட்டர். கருவி ஒரே அளவு தவறினாலும் மேலே போனால் உயரத்தில் விழும் பிழை பெரிதாகிறது. மூலச் சார்பு எங்கே தளர்ந்து கிடக்கிறதோ அங்கே நேர்மாறு செங்குத்தாக நிமிர்ந்துகொள்ளும்.

கைப்பேசிக்கு முன்பு, கனமான பாதரசக் குழாயைத் தூக்கிச் செல்ல முடியாத நில அளவையாளர்கள் இதற்கு வெந்நீரைப் பயன்படுத்தினார்கள். அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும்: 980 ஹெக்டோபாஸ்கலில் 99 டிகிரி, 846-ல் 95. உயரம் கூடினால் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறைகிறது. இரண்டு ஒரே போக்குள்ள சார்புகளைத் தொடுத்தால் வருவதும் ஒரே போக்குள்ளதுதான், சங்கிலி விதியில் இரண்டு குறிகளைப் பெருக்கினால் தெரிந்துவிடும். ஏற்காட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகிறது என்றால், அந்தப் பானைக்குள் ஓர் உயரமானி கொதிக்கிறது என்று பொருள். ஆனால் இந்த நேர்மாறு மிகச் செங்குத்தானது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 300 மீட்டர். வெப்பமானியைப் படிப்பதில் பத்தில் ஒரு டிகிரி தவறினால் உயரத்தில் ஒரு பனைமரம் கூடிவிடும், இல்லையென்றால் குறைந்துவிடும். நேர்மாறு இருப்பது வேறு, அதை நம்பிப் படிக்க முடிவது வேறு.

அழுத்தமானிக்கும் ஒரு குறை உண்டு. நாம் வரைந்த கோடு ஒரு கணத்துக்கு உரியது. வானிலை மாறினால் கோடு முழுவதும் மேலேயோ கீழேயோ நகரும். அப்போதும் அது இறங்கும் கோடுதான், நேர்மாறும் இருக்கிறது, ஆனால் வேறு நேர்மாறு. எனவே உயரம் தெரிந்த ஓர் இடத்தில், உதாரணமாக மலையடிவாரத்தில், கருவியைச் சரிப்படுத்திக்கொண்டு ஏறவேண்டும்.

ஏறிய பிறகும் அது நகர்ந்துகொண்டேயிருக்கும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடலலை போல நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலை பத்து மணியை ஒட்டி ஓர் உச்சம், மாலை நான்கு மணியை ஒட்டி ஒரு தாழ்வு, இரவும் அதே மாதிரி. ஓரிடத்தின் அழுத்தத்தை நேரத்தின் சார்பாக வரைந்தால் வகைக்கெழுவின் குறி ஒரே நாளில் நான்கு முறை மாறும். அழுத்தத்தைப் பார்த்து மணி சொல்ல முடியாது. இந்த ஏற்ற இறக்கம் இரண்டு, மூன்று ஹெக்டோபாஸ்கல்தான். ஆனால் காலையில் சரிப்படுத்திய கைப்பேசியை ஏரிக்கரை பெஞ்சில் வைத்துவிட்டு மாலை நான்கு மணிக்கு வந்து பார்த்தால், இடத்தைவிட்டு அசையாமலே அது இருபது முப்பது மீட்டர் மேலே ஏறியிருக்கும்.