கைக்கு ஒரே ஒரு வேலை

செபாக் தக்ரா ஆட்டத்தில் பந்து கையில் பட்டால் தவறு. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கான ஆட்டமும் கையில்தான் தொடங்குகிறது. வலையோரம் நிற்கும் ஒரு வீரர் பந்தைக் கையால் தூக்கிப் போடுகிறார். பின்னால் ஒரு சிறு வட்டத்தில் நிற்கும் சக வீரர் அதைக் காலால் ஓங்கி உதைத்து வலைக்கு அப்பால் அனுப்புகிறார். அந்தப் பந்து தரையைத் தொடும்வரை இரண்டு பக்கத்திலும் கைகளுக்கு வேறு வேலை கிடையாது.

இது தென்கிழக்கு ஆசியாவின் ஆட்டம். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா நாடுகளில் பள்ளி மைதானம் முதல் சந்தைத் தெரு வரை இதைப் பார்க்கலாம். ஓர் அணிக்கு மூன்று பேர்; அந்த மூவரையும் சேர்த்து ‘ரெகு’ என்பார்கள். சர்வீஸ் போடுபவர் ‘தெக்கோங்’. முன்னால் இடமும் வலமுமாக நிற்கும் இருவர் ‘அப்பிட்’. அவர்களில் ஒருவர் பந்தை எடுத்துக் கொடுப்பவர், மற்றவர் அடிப்பவர்.

களம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்டது. பூப்பந்து இரட்டையர் களத்தின் அளவும் இதுவேதான். ஆண்கள் ஆட்டத்தில் வலையின் நடுப்பகுதி 1.52 மீட்டர் உயரத்தில் இருக்கும். கைக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விக்கு இந்த ஓர் எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. சராசரி உயரமுள்ள ஒருவர் கையை உயர்த்தினாலே விரல் நுனி இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். குதிக்கவே வேண்டாம், நின்றபடியே பந்தைக் கீழ்நோக்கி அறையலாம். எதிரணியால் அதை எடுக்க முடியாது, ஆட்டம் இரண்டு அடியில் முடிந்துபோகும். கை ஆடும் வாலிபாலில் ஆண்களுக்கான வலையை 2.43 மீட்டருக்கு உயர்த்தி வைத்திருப்பது இதனால்தான். காலைத் தலைக்கு மேல் தூக்கினால் மட்டுமே கீழ்நோக்கி அடிக்க முடியும் என்ற நிலையில்தான் 1.52 மீட்டர் வலை ஒரு தடையாகிறது.

மீதிப் பாதி விடை, வலைக்கு முந்தைய காலத்தில் இருக்கிறது. வலை 20ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் இது வட்டமாக நின்று ஆடிய ஆட்டம். பிரம்பில் பின்னிய பந்தைக் காலாலும் முட்டியாலும் தலையாலும் தட்டித் தட்டிக் கீழே விழாமல் காப்பார்கள். புள்ளி, வெற்றி, தோல்வி எல்லாம் பின்னால் வந்தவை. கையால் பிடிப்பதற்கு அனுமதி இருந்தால் அப்படி ஓர் ஆட்டமே இருந்திருக்காது, எவரும் பிடித்துவிடலாமே.

அந்தப் பழைய ஆட்டம் ஒரு நாட்டின் வாரிசையே மாற்றிய கதை மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வில் வருகிறது. 15ஆம் நூற்றாண்டு மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் ராஜா முகமதுவின் தலைப்பாகையை ஒரு பந்து தட்டிவிட்டது. பந்தை உதைத்தவர் தலைமை அமைச்சர் துன் பேராக்கின் மகன் துன் பெசார். கோபம் கொண்ட இளவரசர் அவரை அங்கேயே குத்திக் கொன்றார். அமைச்சர் பழிவாங்கவில்லை, ஆனால் இந்த இளவரசரை அரசராக ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். சுல்தான் மகனைப் பகாங்குக்கு ஆட்சி செய்ய அனுப்பிவைத்தார். உதைத்த பந்து எங்கே போகும் என்பதற்கு அன்றும் உத்தரவாதம் இல்லை.

இன்றைய பந்து செயற்கை இழையால் பின்னியது. 12 துளைகள், இழைகள் குறுக்கே சந்திக்கும் 20 இடங்கள். ஆண்களுக்கான பந்தின் எடை 170 முதல் 180 கிராம். காற்றடைத்த பந்து போல இது துள்ளாது. அதனால் அதை எடுக்க உடம்பில் தட்டையான ஓர் இடம் வேண்டும். சம்மணம் போடுவது போல் காலை மடித்து உயர்த்தினால் பாதத்தின் உள்பக்கம் வானத்தைப் பார்க்கும். பந்தை முதலில் எடுப்பதற்கு இதுவே நம்பகமான இடம். காலை அவ்வளவு தூக்க நேரம் இல்லாதபோது தொடையும் முட்டியும் உதவும். மார்புக்கு மேல் வேகமாக வரும் பந்துக்குத் தலை. நெற்றியில் பட்டை கட்டிய வீரர்களைப் பார்த்தால் அது அழகுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பந்து வலிக்கும்.

இனிப் புள்ளிக் கணக்கு. முன்பு சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எதிரணி வென்றால் அதற்கு சர்வீஸ் மட்டும் போகும், எண்ணிக்கை நகராது. இப்போது சர்வீஸ் யாருடையதானாலும், ஒரு பக்கம் தவறு செய்தால் மறுபக்கத்துக்கு ஒரு புள்ளி. ஒரு செட்டின் இலக்கு காலத்துக்கும் போட்டிக்கும் ஏற்ப 15 என்றும் 21 என்றும் மாறியிருக்கிறது. 21 புள்ளி முறையில் 20-20 என்று வந்தால் இரண்டு புள்ளி முன்னிலை தேவை. அது இழுத்துக்கொண்டே போனால் 25ஐ முதலில் தொடுபவருக்கு செட். மூன்றாவது செட் தேவைப்பட்டால் அது 15 புள்ளிக்கு நடக்கும். அதில் உச்சவரம்பு 17.

20-20 என்ற நிலையில் ஒரு புள்ளியைத் தொடர்ந்து பார்ப்போம். நடுவர் எண்ணிக்கையைச் சொல்கிறார். அதற்கு முன்பே அப்பிட் பந்தை வீசிவிட்டால் எச்சரிக்கை கிடைக்கும், மறுபடியும் வீச வேண்டும். வீசிய பந்து இறங்கி வருகிறது. தெக்கோங்கின் ஒரு கால் 30 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் ஊன்றியிருக்க, மறுகால் தலை உயரத்துக்குப் போய் உதைக்கிறது. வட்டத்தின் நடுப்புள்ளி வலையிலிருந்து 4.25 மீட்டர். அங்கிருந்து பந்து நேர்க்கோட்டில் வலை விளிம்பை உரசி எதிரணியின் கடைசிக் கோட்டில் விழ வேண்டுமானால், சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் உதைக்க வேண்டும். ஈர்ப்பு விசை பந்தை வளைப்பதால் அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் உதை எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாக அடிக்கலாம்.

எதிரணிக்கு மூன்று தொடுகைகள். மூன்றையும் ஒரே வீரர் எடுக்கலாம் என்பது வாலிபால் பழகியவர்களுக்குப் புதிதாக இருக்கும். ஒருவர் உள்பாதத்தால் எடுக்கிறார். அடுத்தவர் வலையோரம் உயரமாகத் தூக்கிக் கொடுக்கிறார். அடிப்பவர் வலைக்கு முதுகைக் காட்டிக் குதித்து, காற்றில் தலைகீழாகச் சுழன்று, காலால் வெட்டி இறக்குகிறார். அந்த வேகத்தில் கால் வலைக்கு மேலே எதிர்ப்பக்கம் போனாலும் பரவாயில்லை, பந்தை அடித்த வீச்சின் தொடர்ச்சி என்றால் விதி அனுமதிக்கிறது. உடம்பு வலையைத் தொட்டால் மட்டும் புள்ளி போச்சு.

தடுப்பவர் முதுகைத் திருப்பி ஒரு காலை உயர்த்திக் குதிக்கிறார். பந்து அவர் முதுகில் பட்டு அடித்தவர் பக்கமே விழுந்தால் 21-20. அதே பந்து, சமநிலைக்காக விரிந்திருந்த அவர் கையில் உரசினால் புள்ளி அடித்தவருக்கு. வேண்டுமென்றே பட்டதா, தற்செயலாகப் பட்டதா என்று நடுவர் கேட்பதில்லை. பறந்து சுழலும் உடம்புக்குக் கைகளை விரிக்காமல் முடியாது; விரித்த கையோ எந்நேரமும் ஆபத்து. கை விதி நன்றாக ஆடுபவர்களையும் கடிப்பது இங்கேதான்.

1990 பெய்ஜிங் போட்டியிலிருந்து இது ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டம். இந்தியா 2018இல் ஆண்கள் அணிப் பிரிவில் வெண்கலம் வென்று இந்த ஆட்டத்தில் தன் முதல் ஆசியப் பதக்கத்தைப் பெற்றது.