சப்-மீட்டர் வேறு, தனி மீட்டர் வேறு... ஹவுஸ் ஓனருக்கு எழுதும் கடிதத்தில் எதைக் கேட்க வேண்டும்?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில், வாடகைக்கு அடுத்தபடியாக அதிகம் சண்டை வருவது கரன்ட் பில்லுக்குத்தான். `எங்க வீட்ல ஒரு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ்தான். இவ்ளோ பில்லா?’ என்ற கேள்விக்கு, வீட்டு வாசலில் இருக்கும் சப்-மீட்டரைக் காட்டுவார் ஓனர். அவர் காட்டும் யூனிட் கணக்கு சரியாகவே இருக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

மின்வாரியம் பில் போடுவது ஒவ்வொரு சர்வீஸ் நம்பருக்கும். மூன்று குடும்பங்கள் ஒரே சர்வீஸில் இருந்தால், மூன்று வீட்டு யூனிட்டும் சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒருமுறைதான்.

உதாரணமாக, ஒவ்வொரு வீடும் இரண்டு மாதத்தில் 220 யூனிட் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, தனி மீட்டர் என்றால் வீட்டுக்கு 329 ரூபாய். ஒரே மீட்டரில் மொத்தம் 660 யூனிட் ஆகும்போது பில் 3,447 ரூபாய். சமமாகப் பிரித்தாலும் வீட்டுக்கு 1,149 ரூபாய்! சப்-மீட்டர் யூனிட்டை அளக்குமே தவிர, இந்த ஸ்லாபை மாற்றாது.

பக்கத்திலேயே, எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாடகைக்கு இருப்பவர்களும் கர்நாடகத்தின் `கிருஹ ஜோதி’ திட்டத்தில் சேரலாம். அங்கும் தனி மீட்டர் இருந்தால்தான் அது எளிது.

எனவே கடிதத்தில் `தனி மின் இணைப்பு’ என்றே கேளுங்கள். ஓனர்கள் பொதுவாகத் தயங்குவது, குடியிருப்பவர் பாக்கி வைத்துவிட்டுப் போய்விடுவாரோ, இணைப்பை வைத்து உரிமை கேட்பாரோ என்றுதான். அதற்கான பதிலையும் கடிதத்திலேயே சொல்லிவிடலாம்.

*மதிப்புக்குரிய ஐயா,*
*தங்கள் வீட்டின் மாடிப் பகுதியில் குடியிருக்கிறோம். மூன்று வீட்டுக்கும் ஒரே இணைப்பு என்பதால் பில் மேல் ஸ்லாபில் வருகிறது. கடைசி பில்லின் நகலை இணைத்துள்ளேன். எங்கள் பகுதிக்குத் தங்கள் பெயரிலேயே தனி மின் இணைப்பு வாங்கித்தர வேண்டுகிறேன். அதற்கான செலவில் பாதியை ஏற்கிறேன். காலி செய்யும்போது கடைசி பில் கட்டிய ரசீதைத் தருகிறேன். அந்த இணைப்பு வீட்டோடு இருக்கும். அடுத்து வருபவருக்கும் பயன்படும்.*
*இப்படிக்கு,*
*(பெயர், தேதி)*

தனி வாசலும் தனி சமையலறையும் இருக்கும் வீடாக இருந்தால் கோரிக்கைக்கு வலு அதிகம். ஒரே குடும்பம் இருக்கும் வீட்டில் இலவச யூனிட்டுக்காக இரண்டாவது மீட்டர் கேட்டால், வாரியம் ஏற்காது.

ஓனர் சம்மதித்து, இணைப்பு உங்கள் பெயரில் என்றால், படிவம் 5-ல் அவருடைய ஒப்புதல் கடிதம் வேண்டும். மறுத்துவிட்டால்? தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பு ஒரு வழி வைத்திருக்கிறது. முறைப்படி குடியிருப்பதற்கான ஆதாரம், படிவம் 6-ல் உறுதிப் பத்திரம், இரு மடங்கு டெபாசிட் ஆகியவற்றைக் கொடுத்து நீங்களே விண்ணப்பிக்கலாம். வாடகை ஒப்பந்தம் எழுதாமல் வாய்வார்த்தையில் குடியிருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்குதான். அதனால், கடிதத்துக்கு முன்பே ஒப்பந்தத்தை எழுதி வாங்கிவிடுங்கள்.